கொக்கி உதிர்ந்த எண்

அந்தக் கிராமத்தில் சர்வே எண் 114 ஒரு குளம். முதல் நில அளவையிலேயே குளத்துப் புறம்போக்கு என்று பதிவானது. இன்றும் குளமாகவே இருக்கிறது. ஆனால் 1911-இல் ஒருவர் அதை இன்னொருவருக்கு நஞ்செய் நிலமென்று கிரயம் செய்து, சார் பதிவாளர் முன்னிலையில் பதிவும் செய்துகொடுத்தார் என்றது என் கைக்கு வந்த ஒரு தட்டச்சுப் பிரதி. அந்தப் பிரதியை இணைத்துக் கொடுத்த பட்டா மனு, புறம்போக்குக்குப் பட்டா இல்லை என்ற ஒரே வரியோடு திரும்பியிருந்தது.

மனு கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. காவிரிப் படுகையைச் சேர்ந்தவர். நிலம் அவருடைய தாத்தா வாங்கியது. "தாத்தா குளத்தையா வெலைக்கு வாங்குவாரு, தம்பி? அந்த வயல்ல அப்பா நாத்து நட்டதை நானே வரப்புல நின்னு பாத்திருக்கேன்" என்றார். எந்த வயல் என்பது அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியவில்லை. பழைய நிலப் பதிவேடுகளையும் பத்திரங்களையும் படித்துப் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை என்பதால் தேடி வந்திருந்தார்.

தட்டச்சுப் பிரதியை ஒதுக்கி வைத்துவிட்டு மூலப் பத்திரத்தைக் கேட்டேன். துணிப்பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்பு ஓடிய இடங்களில் தாள் நைந்து, இரண்டு வரிகள் பாதிப் பாதியாகப் போயிருந்தன. பூச்சி அரித்த துளைகளும் இருந்தன. மை பழுப்பேறி, சில இடங்களில் தாளின் நிறத்தோடு கலந்துவிட்டிருந்தது.

அக்காலத்துப் பத்திரங்களில் பெரும்பாலும் இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் கலந்த மைதான் இருக்கும். எழுதியதும் கறுக்கும், ஆண்டுகள் போகப்போகப் பழுப்பாகும். அது மங்குவதில் ஓர் ஒழுங்கு உண்டு. பேனா அழுத்தி இறங்கிய கோடுகளில் மை கனமாக நிற்பதால் அவை நெடுநாள் தாங்கும். முனையைத் தளர்த்தி இழுத்த மெல்லிய சுழிகளும் கொக்கிகளும் முதலில் மறையும். தமிழ் எழுத்தில் இது சிறு சேதமில்லை. ஓர் எழுத்தையும் அதன் அண்டை எழுத்தையும் பிரிப்பது பல நேரம் அந்தக் கீழ்க்கொக்கி ஒன்றுதான்.

குடும்பத்தில் ஒருவர் பத்திரத்தைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை ஸ்கேன் ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று தீர்த்துவிடும். இடைநிறம் என்பதே அதில் இல்லை. மங்கிய பழுப்புக் கொக்கி வெள்ளைப் பக்கம் போய்விடும். அந்தப் படத்தை எழுத்துணரி மென்பொருளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது எண்ணையே எண் என்று அறியாமல், ள, க, ய, ச என்று எழுத்துகளாகக் கக்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தவர் 100, ஒரு 10, 4 என்று கூட்டி 114 என்று முடிவு கட்டியிருக்கிறார்.

மென்பொருளின் மேல் முழுப் பழியும் போட முடியாது. தமிழ் எண்களின் வடிவமே எழுத்துகளை ஒட்டியதுதான். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௪ என்பது ச போல, ௫ என்பது ரு போல, ௬ என்பது சு போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல, ௯ என்பது கூ போல இருக்கும். 10-க்கு ௰, அதாவது ய. 100-க்கு ௱, 1000-க்கு ௲. இவற்றில் இரண்டு இணைகள் மிகவும் ஆபத்தானவை. ௯-இன் அடிச்சுழி மறைந்தால் அது ௧. ௬-இன் அடிக்கொக்கி மறைந்தால் அது ௪. 9 என்பது 1 ஆகும், 6 என்பது 4 ஆகும். மை மங்குவதால் மட்டும் இந்தத் தவறு எதிர்த்திசையில் நடக்காது. இல்லாத சுழியை மங்கல் வரைவதில்லை. ஆகவே மங்கிய பத்திரத்தில் 1 என்றும் 4 என்றும் தெரிகிற எண்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். 9, 6 என்று தெரிபவற்றை ஓரளவு நம்பலாம். 114 என்று படிக்கப்பட்ட நான்கு குறிகளில் இரண்டு இந்தச் சந்தேகப் பட்டியலில் இருந்தன.

எண் இருந்த வரி மடிப்பின் மேலேயே விழுந்திருந்தது. ௱ தெளிவு. அடுத்து க போன்ற ஒன்று, அதன் கீழ்ப்பகுதி நைந்த தாளோடு போய்விட்டது. பிறகு ௰. கடைசியில் ச போன்ற ஒன்று. இதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு எதை வேண்டுமோ அது தெரிய ஆரம்பிக்கும். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு, இதே எழுத்தர் இதே பத்திரத்தில் வேறு எங்கெல்லாம் எண் எழுதியிருக்கிறார் என்று பார்க்கப் போனேன்.

முதலில் கிடைத்தது பத்திரத்தின் தலைப்பிலுள்ள தேதி. பழைய பத்திரங்களில் ஆங்கில ஆண்டும் தமிழ் ஆண்டின் பெயரும் சேர்ந்தே வரும். இதில் ௲௯௱௰௧ என்று ஆண்டும், ௵ என்ற வருடக்குறியும், பக்கத்தில் விரோதிகிருது என்ற பெயரும் இருந்தன. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867-இல் தொடங்கியது. விரோதிகிருது நாற்பத்தைந்தாவது. 1867-உடன் 44-ஐக் கூட்டினால் 1911. ஆக அந்தத் தலைப்பில் ௲-க்கும் ௱-க்கும் நடுவே இருப்பது ௯ என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ௯-உம் மங்கியிருந்தது; அடிச்சுழியில் பாதிதான் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் அதையும் க என்றுதான் படிப்போம். இந்த எழுத்தரின் ௯ மங்கினால் எப்படித் தோன்றும் என்பதற்கு அவருடைய கையெழுத்திலேயே ஒரு மாதிரி கிடைத்துவிட்டது.

அதே தேதி இன்னொன்றும் சொன்னது. பழைய முறையில் எண்ணைச் சொல்லுகிற வரிசையிலேயே எழுதுவார்கள். இருநூறு என்பது ௨௱, முப்பது என்பது ௩௰. ஆனால் நூறுக்கும் பத்துக்கும் முன்னால் ஒன்று போடுவதில்லை. பத்து என்றால் ௰ மட்டும், நூறு என்றால் ௱ மட்டும். இவரும் பதினொன்றை ௰௧ என்றுதான் எழுதியிருக்கிறார். ௧௰௧ என்று எழுதவில்லை. அதே பத்திரத்தில் பட்டா எண் 213 வருகிறது. அதை ௨௱௰௩ என்று எழுதியிருக்கிறார். அங்கேயும் ௰-க்கு முன் ஒன்று இல்லை.

இப்போது சர்வே எண்ணுக்குத் திரும்பினால் விஷயம் வேறாகிவிடுகிறது. 114 என்று எழுத வேண்டியிருந்தால் இவர் ௱௰௪ என்று எழுதியிருப்பார். ௱-க்கும் ௰-க்கும் நடுவே எந்த எழுத்துக்கும் வேலையில்லை. ஆனால் அங்கே ஓர் எழுத்து இருக்கிறது, அதன் மேல்பாதி க. அது ௧ ஆக இருக்கவே முடியாது என்றால் மிச்சமிருப்பது ௯ ஒன்றுதான். எண் நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம். குளம் கணக்கிலிருந்து விலகியது.

கடைசி இலக்கம் மட்டும் மீதி. அது ௪ என்றால் 194, ௬ என்றால் 196.

இந்த இடத்தில் பதிவு அலுவலகத்தின் பிரதி கைகொடுக்கும் என்று எதிர்பார்த்தேன். அக்காலத்தில் பதிவுக்கு வந்த பத்திரத்தை அலுவலகத்திலேயே ஒருவர் கையால் வரிக்கு வரி படியெடுப்பார். அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் ஏறும். மூலத்தின் பின்பக்கத்திலுள்ள பதிவுக் குறிப்பில் ஆவண எண், புத்தகம், தொகுதி, பக்கம் எல்லாம் இருக்கும், இதிலும் இருந்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி முதல் புத்தகத்தின் நகலைக் கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம். மூலம் வீட்டுப் பெட்டிகளில் வெயிலும் ஈரமும் பட்டுக் கிடக்க, புத்தகம் மூடியபடியே அலமாரியில் இருப்பதால் பெரும்பாலும் மை நன்றாகவே இருக்கும்.

நகல் வந்தது. எழுத்துகள் தெளிவு. ௯ அடிச்சுழியோடு முழுதாக இருந்தது. ஆனால் கடைசி இலக்கம் கொக்கியில்லாத ௪. எண் 194 என்றது படி. சொத்துவாரி அட்டவணையான இரண்டாம் குறிப்பட்டியலிலும் அந்தக் கிராமத்தின் கீழ் ஆங்கில இலக்கத்தில் 194 என்றே ஏறியிருந்தது.

பலர் இங்கே நின்றுவிடுவார்கள். தெளிவான பிரதி, அரசு முத்திரை, அட்டவணையும் ஒத்துப்போகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பிரதியும் அட்டவணையும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள் அல்ல. இரண்டுக்கும் ஊற்று அந்த ஒரே மூலம்தான். படியெடுத்தவர் ஒரு கொக்கியைத் தவறவிட்டு, அட்டவணை எழுதியவர் அந்தப் படியைப் பார்த்து எழுதியிருந்தால், ஒரே பிழை இரண்டு இடத்தில் நிற்கும். ஒப்பிட்டவர் கையெழுத்து அடியில் இருந்தாலும், ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்கும் அந்த வேலையில் எண்களின் கொக்கி தப்பிப் போவது அரிதில்லை. எனக்குத் தேவைப்பட்டது இந்தப் பத்திரத்தின் எழுத்தையே பாராத ஒரு சாட்சி.

அப்படிப்பட்ட சாட்சி செட்டில்மெண்ட் பதிவேடு. ஒவ்வொரு கிராமத்துக்கும் நில அளவையும் தீர்வை நிர்ணயமும் முடிந்த பின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி எழுதி அச்சிட்டார்கள். சர்க்காரா இனாமா, நஞ்செய்யா புஞ்செய்யா, மண் வகை, தரம், ஏக்கருக்கு இவ்வளவு என்ற விகிதம், விஸ்தீரணம், மொத்தத் தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று கட்டங்கள் ஓடும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இத்தகைய பதிவேடுகள் உண்டு.

இந்தக் கிராமத்துப் பக்கம் கிடைத்தபோது அச்சு தேய்ந்திருந்தது. ஈய எழுத்துகள் பல அச்சுகள் கண்டு மழுங்கியவை. அவற்றின் கண்களில் மை அடைத்துக்கொள்ளும். 6, 8, 0 மூன்றும் ஒரே கறுப்புத் திட்டாகத் தோன்றும். 3-இன் வாய் அடைபட்டால் 8. கையெழுத்தில் கோடு குறைந்து பிழை வருகிறது, அச்சில் மை மிகுந்து பிழை வருகிறது. ஆகவே இரண்டையும் ஒரே கண்ணோடு படிக்கக் கூடாது. மங்கிய கையெழுத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக ஏதோ இருந்திருக்கும் என்று எண்ணிப் படிக்க வேண்டும். அடைபட்ட அச்சில் இருப்பதைவிடக் குறைவாக இருந்திருக்கும் என்று எண்ண வேண்டும்.

பதிவேட்டில் 194, 196 இரண்டும் நஞ்செய். இரண்டும் ஒரே தரம். ஏக்கருக்கு 6 ரூபாய் 4 அணா விகிதம். 194-இன் விஸ்தீரணம் 1 ஏக்கர் 64 செண்டு என்று தெளிவாக இருந்தது. 196-க்கு 1 ஏக்கர், நாற்பது என்பது வரை தெரிந்தது. கடைசி இலக்கம் திட்டு. அது 40 ஆகலாம், 46 ஆகலாம், 48 ஆகலாம்.

இங்கேதான் இந்தப் பதிவேடுகளின் அருமை. அவற்றில் எந்த எண்ணும் தனித்து நிற்பதில்லை. விகிதத்தை விஸ்தீரணத்தால் பெருக்கினால் தீர்வை வர வேண்டும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 6 ரூபாய் 4 அணா என்பது ஆறேகால் ரூபாய். 1.40-ஐ ஆறேகாலால் பெருக்கினால் 8 ரூபாய் 12 அணா. 1.46 என்றால் 9 ரூபாய் 2 அணா. 1.48 என்றால் 9 ரூபாய் 4 அணா. 196-இன் தீர்வைக் கட்டத்தில் 9, 2, 0 என்று பழுதில்லாமல் அச்சாகியிருந்தது. ஆக 196-இன் விஸ்தீரணம் 1 ஏக்கர் 46 செண்டு. பக்கத்தின் அடியிலுள்ள கூட்டலையும் போட்டுப் பார்த்தேன்; மற்ற வரிகளைக் கழித்தால் மிஞ்சுவதும் 1.46-தான்.

இப்போது பத்திரத்தின் தபசிலுக்கு வருவோம். சொத்து விவரத்தை அக்காலத்தில் தபசில் என்றே எழுதினார்கள். அதில் விஸ்தீரணம் 1 ஏக்கர் என்பது சொல்லாகவே எழுதப்பட்டிருந்தது. செண்டு மட்டும் எண்ணில். ௰-க்கு இருபுறமும் ச போன்ற இரண்டு எழுத்துகள். ஒவ்வொன்றும் ௪ ஆகலாம் அல்லது ௬ ஆகலாம் என்பதால் 44, 46, 64, 66 நான்குக்கும் இடமிருந்தது. இவற்றில் 64 என்பது 194-இன் அளவு. 46 என்பது 196-இன் அளவு. இரண்டு எண்களும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை போல அமைந்து, அளவை வைத்து எளிதாக முடிவு செய்ய விடாமல் மறித்தன.

ஆனால் அளவுக்கு அடுத்தபடி பத்திரத்தில் தீர்வையும் இருந்தது. ரூபாய் எண் இருந்த இடத்தில் பூச்சித் துளை. அணா தப்பியிருந்தது, அது ௨. மங்கினாலும் உ வடிவத்தை ச வடிவத்தோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. அடியில் நீண்டு ஓடும் படுக்கைக் கோடு அதற்கு மட்டும்தான் உண்டு, அதுவும் அழுத்தி எழுதப்படுவது. ஆறேகால் ரூபாய் விகிதத்தில் 44 செண்டு என்றால் 9 ரூபாய், அணா இல்லை. 46 என்றால் 2 அணா. 64 என்றால் 10 ரூபாய் 4 அணா. 66 என்றால் 6 அணா. நான்கில் அணா இரண்டாக வருவது ஒன்றே ஒன்றுதான். விற்ற நிலம் 1 ஏக்கர் 46 செண்டு. அந்த அளவுள்ளது 196.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நிலத்தைத் தீர்மானிப்பதில் எண்ணைவிடவும் அளவைவிடவும் கனமான ஒன்று பத்திரத்திலேயே உண்டு. அது நான்கெல்லை. எல்லைக்கும் அளவுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையே நிற்கும் என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நிலை. தட்டச்சுப் பிரதியில் நான்கெல்லை இப்படி இருந்தது: தெற்கு வாய்க்கால், மேற்கே ஒரு புள்ளிக்கோடு, மற்ற இரண்டும் படிக்க இயலவில்லை.

கிராம வரைபடத்தை விரித்தால் நிலைமை புரியும். 195 ஒரு வாய்க்கால், கிழக்கு மேற்காக ஓடுகிறது. 194 அதன் வடகரை, 196 தென்கரை. தட்டச்சுப் பிரதி சொல்வதுபோல நிலத்துக்குத் தெற்கே வாய்க்கால் என்றால் அது 194. என் கணக்கு முழுவதும் அங்கே கவிழ்ந்துவிடும்.

மூலத்தில் அந்த இடத்தை வேறு வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருந்தது. வண்ணத்தில் உயர் தெளிவோடு படமெடுத்து, நீல வண்ண அடுக்கை மட்டும் பிரித்துப் பார்த்தேன். பழுப்பு மை நீல ஒளியை உறிஞ்சுவதால் அந்த அடுக்கில் எழுத்து கறுத்துத் தெரியும். சிவப்பு அடுக்கில் அதுவே ஏறக்குறைய மறைந்துபோகும். அதற்கு மேலும் தெளியாத இடத்தில் இருட்டறையில் புற ஊதா விளக்கு. இரும்பு மை பட்ட இடம் புற ஊதாவை விழுங்கிக் கறுப்பாக நிற்கும். சுற்றியுள்ள தாள் மெல்ல ஒளிரும். கண்ணுக்கு மறைந்த கோடு பல சமயம் அப்படித்தான் எழுந்து வரும். விளக்கை நீண்ட நேரம் காட்டுவது தாளுக்கு நல்லதல்ல. படத்துக்குத் தேவையான அளவோடு அணைத்துவிட வேண்டும்.

அந்த வரி இப்படி இருந்தது: வாயககாலுககு தெறகு. புள்ளி ஒன்றுகூட இல்லை. அக்காலக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. படிப்பவர் தாமாக வைத்துக்கொள்ள வேண்டும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இவை பழகியவருக்குச் சிக்கலில்லை. சிக்கல் நடுவிலிருந்த லுககு என்ற பகுதியில். அது மடிப்புக்கு அருகில் மங்கியதால், தட்டச்சு செய்தவர் அதை விட்டுவிட்டு வாய்க்கால், தெற்கு என்ற இரு சொற்களை மட்டும் எடுத்து இடம் மாற்றி எழுதிவிட்டார். பொருள் நேர் எதிராகப் போய்விட்டது. வாய்க்காலுக்குத் தெற்கு என்றால் நிலம் வாய்க்காலின் தென்பக்கம் இருக்கிறது. அதாவது வாய்க்கால் நிலத்துக்கு வடக்கே. பழைய பத்திரங்கள் எல்லையைச் சொல்லும் முறை பெரும்பாலும் இதுதான். இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு என்று எழுதியிருந்தால் அந்த இன்னார் கிழக்கெல்லைக்காரர். இன்றைய முறையில் கிழக்கில் இன்னார் நிலம் என்று எழுதிப் பழகியவர்கள் இதில் தடுமாறுவது இயல்பு.

பிரதியிலிருந்த புள்ளிக்கோட்டுக்கும் இதே கதிதான். அந்த வரியில் மூலம் சொன்னது, கொனார நிலததுககு மேறகு என்பது. புள்ளியும் நெடிலும் சேர்த்தால், கோனார் நிலத்துக்கு மேற்கு. அதில் வரும் னா, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். இன்று னகரத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கால் போடுகிறோம். அன்று ணா, றா, னா மூன்றும் ஒட்டெழுத்துகள். எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுழிந்து அதுவே காலாகிவிடும். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் இன்றுபோல் தனி ஐகாரக் குறி கிடையாது. எழுத்தின் தலையில் ஏறி வளையும் துதிக்கை உண்டு. சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளி சென்ற ஒருவர் இந்த னாவைக் கண்டால் ண என்றோ வேறு என்னவோ என்றோதான் நினைப்பார். கொணர என்று வந்திருக்கும். அங்கே அந்தச் சொல் பொருந்தாததால் புள்ளிக்கோடு போட்டிருக்கிறார். பொருந்தாத சொல்லைப் பொருத்திவைக்காமல் கோடு போட்டதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தக் கோடுதான் அங்கே ஓர் எழுத்துச் சிக்கல் இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது.

செட்டில்மெண்ட் பதிவேட்டில் 196-க்குக் கிழக்கே இருக்கும் 197-இன் பட்டாதாரர் பெயர் கோனார் என்று முடிகிறது. 194-க்குக் கிழக்கே இருப்பது கோயில் இனாம். வடக்கே வாய்க்கால், கிழக்கே கோனார் நிலம். இரண்டும் சேர்ந்து பொருந்துவது 196-க்கு மட்டும்தான். எண்ணின் வடிவம், தீர்வைக் கணக்கு, எல்லை என்று மூன்று தனி வழிகள் ஒரே வயலில் வந்து நின்றன. அவற்றில் தீர்வையும் எல்லையும், கொக்கி இருந்ததா இல்லையா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

அதற்குப் பின்னும் ஒரு படி இருந்தது. 1911-இன் 196 இன்றைய கணக்கில் எந்த எண்? இடையில் நடந்த மறு அளவையில் கிராமத்தின் எண்கள் மாறியிருந்தன. மறு அளவைக்குப் பின் வந்த பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். பழைய 196-க்கு எதிரே 203. விஸ்தீரணம் 1 ஏக்கர் 47 செண்டு; மறுபடி சங்கிலி பிடித்து அளந்தால் ஒரு செண்டு கூடுவதோ குறைவதோ வழக்கம்தான். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கரும் செண்டும் ஹெக்டேரும் ஏருமாயின. 203 இப்போது 0.59.5 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்று வைத்துத் திருப்பிப் போட்டால் 1.47 வருகிறது. இப்படித் திருப்பிப் போட்டுப் பார்ப்பதை எப்போதும் செய்ய வேண்டும். தசமப் புள்ளி இடம் மாறி ஏறிய வரிகளை இந்தக் கணக்கு ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

குடும்பத்தார் பல தடவை வில்லங்கம் போட்டும் இந்தக் கிரயம் ஏன் வரவில்லை என்பதும் இப்போது விளங்கியது. அவர்கள் முதலில் 114-இல் தேடினார்கள், பிறகு வயலின் இன்றைய எண்ணில் தேடினார்கள். அட்டவணையிலோ அது 194-இன் கீழ் இருக்கிறது. பழைய காலத்துக்கு வில்லங்கம் போடும்போது, சரியான எண்ணோடு அது எப்படியெல்லாம் தவறாக எழுதப்பட்டிருக்கலாமோ அந்த எண்களையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். 6 இருந்தால் 4-ஐயும், 9 இருந்தால் 1-ஐயும். பெயர்வாரி அட்டவணையான முதல் குறிப்பட்டியலில் வாங்கியவர் பெயரில் தேடுவது இன்னும் பாதுகாப்பு. பெயர்கள் எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அடையாளம் காணலாம். எண்ணில் ஒரு கொக்கி போனால் வேறு நிலமாகிவிடும்.

என் அறிக்கையில் சர்வே எண்ணை 196 என்று மொட்டையாக எழுதவில்லை. மூலத்தில் கண்ணுக்குத் தெரிவது எது, கணக்கால் பெற்றது எது, எல்லையால் உறுதியானது எது என்று தனித்தனியாக எழுதி, நீல அடுக்குப் படத்தையும் தேதியில் வரும் ௯-இன் பெரிதாக்கிய படத்தையும் அருகருகே வைத்தேன். பதிவு அலுவலகப் பிரதி 194 என்று சொல்வதையும் மறைக்காமல் எழுதினேன். அதை நாம் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லும்; அப்போது நம் சரியான வாசிப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஐயமான எழுத்தை அடைப்புக்குள் போடுவது, போனதைப் போனது என்று எழுதுவது, ஊகத்தை ஊகம் என்று சொல்வது ஆகியவை இல்லாத பெயர்ப்பு எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தாலும் அதை நான் நம்புவதில்லை.

இந்த வாசிப்பு பட்டாவைத் தந்துவிடாது. 1911-இல் தாத்தா வாங்கிய நிலம் எது என்பதை மட்டும் அது நிறுவுகிறது. அங்கிருந்து இன்றுவரை வாரிசு வழி, பாகப்பிரிவினை, அனுபோகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும். அந்த அம்மாவிடம் தீர்வை ரசீதுகள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றிலும் அதே 9 ரூபாய் 2 அணா பல பசலிகளுக்கு வருகிறது. பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1321-ஆம் பசலி 1911 ஜூலையில் தொடங்குகிறது. முதல் ரசீது அந்தப் பசலிக்கானது. புது மனு 203 என்ற எண்ணில் போயிருக்கிறது, விசாரணையில் இருக்கிறது.

வீட்டில் பழைய பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மங்கிய எழுத்தின் மேல் தெளிவுக்காகப் பேனாவால் எழுதாதீர்கள். எத்தனையோ பத்திரங்களில் அப்படி எழுதிய நீல மைதான் அடியிலிருந்த உண்மையான கோட்டை என்றென்றைக்குமாக மறைத்திருக்கிறது. ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். மடித்த தாளைப் பிரித்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், முத்திரைத்தாள் விற்றவரின் குறிப்பும் பதிவுக் குறிப்பும் உட்பட, பகல் வெளிச்சத்தில் வண்ணப் படமாக எடுத்து வையுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். மை இன்னும் மங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு தெரிகிற கொக்கியை இந்த ஆண்டே படமெடுத்துவிடுங்கள்.